10 ஈதரை அடகு வைத்தால்: டீஃபை கடனும் லிக்விடேஷனும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி நடுவில் இல்லாமல் பிளாக்செயினில் நடக்கும் நிதிச் சேவைகளுக்கு டீஃபை என்று பெயர். அதில் கடன் தரும் புரோட்டோகால்கள், அதாவது நிரல்களாலேயே நடக்கும் கடன் அமைப்புகள், பல இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு கடனைத்தான் பின்தொடரப் போகிறேன். ஈத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் ஆவே புரோட்டோகாலில் ஒருவர், அந்த பிளாக்செயினின் நாணயமான ஈதரில் 10-ஐ ஈடாக வைத்து 18,000 யுஎஸ்டிசி கடன் வாங்குகிறார். அன்று ஈதர் விலை 3,000 டாலர். யுஎஸ்டிசி என்பது ஒரு டாலருக்கு ஒன்று என்று நிற்கும் ஸ்டேபிள்காயின். (ஆவே என்றால் ஃபின்னிஷ் மொழியில் பேய். கடன் கொடுக்கும் இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.)

கையில் 30,000 டாலருக்கு ஈதர் இருக்கிறவர் எதற்கு 18,000 டாலர் கடன் வாங்கவேண்டும்? விற்றுவிட்டுப் போகலாமே?

பீரோவில் பத்துப் பவுன் இருக்கிறவர்கள் ஏன் நகைக்கடன் வாங்குகிறார்களோ, அதே காரணம்தான். பணம் வேண்டும், ஆனால் பொருள் கையை விட்டுப் போகக்கூடாது. நாளைக்கு விலை ஏறும் என்று நம்புகிறவருக்கு இன்று விற்க மனம் வராது. விற்றால் லாபத்துக்கு வரியும் உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து அது 30 சதவீதம்.

ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், நான் பார்த்தவரை அவசரத் தேவைக்காக இங்கே கடன் வாங்குகிறவர்கள் குறைவு. கடனாக வந்த டாலரில் திரும்பவும் ஈதர் வாங்கி, அதையும் ஈடு வைத்து, அதன்மேல் இன்னொரு கடன் வாங்குகிறவர்களே அதிகம். இதற்கு லூப்பிங் என்று பெயர். அடகுக் கடையில் வாங்கிய பணத்தில் நகை வாங்கி, அதே கடையில் அந்த நகையையும் அடகு வைப்பது போல. ஏறினால் இரட்டிப்பு லாபம், இறங்கினால் கீழே வரும் கதைதான்.

கடனைவிட ஈடு இவ்வளவு அதிகமாக இருக்கவேண்டிய கட்டாயம் என்ன?

கடன் வாங்குகிறவர் யார் என்று புரோட்டோகாலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு வாலட் முகவரி. ஆதார் இல்லை, சிபில் ஸ்கோர் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. கடன்காரர் திருப்பித் தராமல் போனால் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆளும் இல்லை, வழக்குப் போட நீதிமன்றமும் இல்லை. திருப்பிக் கட்டுவதற்கு அவருக்கு இருக்கும் ஒரே தூண்டுதல் உள்ளே கிடக்கும் ஈடுதான். அதன் மதிப்பு கடனைவிடக் குறைந்தால் அடுத்த நிமிடமே விட்டுவிட்டுப் போய்விடுவார், அதில் தப்பும் சொல்ல முடியாது. ஆகவே ஈடு எப்போதும் கடனைவிட மேலே இருக்கவேண்டும். இறங்கத் தொடங்கினால், கடனைத் தொடுவதற்கு முன்பே அதை விற்றுவிடவேண்டும். மொத்த ஏற்பாடும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

அந்த 18,000 டாலர் யாருடைய பணம்? வட்டியை யார் தீர்மானிக்கிறார்கள்?

யுஎஸ்டிசி வைத்திருக்கிறவர்கள் போட்ட பணம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பொதுத் தொகுப்பில் போட்டு வைக்கிறார்கள், கடன் வாங்குகிறவர்கள் அதிலிருந்து எடுக்கிறார்கள். இன்னாருடைய பணம் இன்னாருக்குப் போனது என்ற கணக்கே கிடையாது. போட்டவருக்கு ரசீதாக ஒரு டோக்கன் வரும். வட்டி சேரச் சேர அந்த டோக்கனின் எண்ணிக்கை வாலட்டிலேயே கூடிக்கொண்டு போகும்.

வட்டியைச் சந்தை நிலவரமே தீர்மானிக்கிறது, ஆனால் பேரம் பேசி அல்ல. தொகுப்பில் இருப்பதில் எத்தனை சதவீதம் கடனாகப் போயிருக்கிறது என்று, புரோட்டோகாலை நடத்தும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் பார்க்கும். கடனாகப் போனது கூடினால் வட்டி மெதுவாக ஏறும். முன்கூட்டியே குறித்து வைத்த ஓர் அளவைத் தாண்டியதும் (ஸ்டேபிள்காயின்களுக்குப் பெரும்பாலும் 80, 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும்) செங்குத்தாக ஏறும். இதற்குக் காரணம் இருக்கிறது. முழுப் பணமும் கடனாகப் போய்விட்டால், போட்டவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் கடன் வாங்கியவருக்கு வலிக்கும்வரை வட்டியை ஏற்றி, 'திருப்பிக் கட்டு' என்று நெருக்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு: கடன் வட்டி 5 சதவீதம், தொகுப்பில் 80 சதவீதம் கடனாகப் போயிருக்கிறது, வட்டியில் 10 சதவீதத்தைப் புரோட்டோகால் எடுத்துக்கொள்கிறது என்றால், பணம் போட்டவருக்குக் கிடைப்பது 3.6 சதவீதம்.

ஆவே திரையில் ஈதருக்கு 80 சதவீதம் என்றும் 83 சதவீதம் என்றும் இரண்டு எண் போட்டிருக்கிறதே, எது சரி?

இரண்டுமே சரி, வேலை வேறு. 80 என்பது கடன் வாங்கும் நேரத்து வரம்பு: 30,000 டாலர் ஈடுக்கு அதிகபட்சம் 24,000 வரை எடுக்கலாம். 83 என்பது லிக்விடேஷன் எல்லை, அதாவது ஈட்டை விற்றுக் கடனைத் தீர்க்க அனுமதி கிடைக்கும் எல்லை: கடன், ஈட்டின் மதிப்பில் 83 சதவீதத்தைத் தொட்டதும் ஈடு ஆபத்தில். ஈதருக்கு இந்த எண்கள் 80-ஐ ஒட்டியே இருந்து வருகின்றன. ஆவே டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் அன்றைய எண்ணைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் 3 சதவீதம் ஒரு திண்ணை மாதிரி. வரம்பு முழுவதையும் எடுத்தவர் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். 24,000 எடுத்திருந்தால் ஈதர் 3,000-லிருந்து 2,891-க்கு இறங்கினாலே போதும், ஆட்டம் முடிந்தது. ஈதர் ஒரு மதிய நேரத்தில் இறங்கக்கூடிய அளவு அது. 'எடுக்கலாம்' என்று திரை காட்டுவதால் எடுக்கவேண்டும் என்று அர்த்தமில்லை.

இந்தக் கடனுக்கு ஹெல்த் ஃபேக்டர் 1.38 என்று ஆவே திரை காட்டுகிறது. அது நல்லதா கெட்டதா?

முதலில் அது எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

```
ஹெல்த் ஃபேக்டர் = ஈட்டின் மதிப்பு × லிக்விடேஷன் எல்லை ÷ கடன்
               = 30,000 × 0.83 ÷ 18,000
               = 1.383
```

1-க்கு மேல் இருக்கும்வரை யாரும் ஈட்டைத் தொட முடியாது. 1-க்குக் கீழே இறங்கிய நொடியில் யார் வேண்டுமானாலும் தொடலாம். ஆனால் 1.38 என்ற எண்ணை வெறுமனே பார்த்தால் பயமும் வராது, தைரியமும் வராது. அதை விலையாக மாற்றிப் பாருங்கள். கடனை, ஈதரின் எண்ணிக்கையாலும் 0.83-ஆலும் வகுத்தால் 18,000 ÷ 8.3, அதாவது சுமார் 2,169 டாலர். ஈதர் 3,000-லிருந்து 2,169-க்கு, ஏறத்தாழ 28 சதவீதம் இறங்கினால் மூழ்கும். இப்போது கேள்வி எளிதாகிவிட்டது: ஈதர் 28 சதவீதம் இறங்குமா? ஒரே வாரத்தில் இறங்கியிருக்கிறது, ஒரே நாளிலும் இறங்கியிருக்கிறது. ஆகவே, தினமும் பார்க்கிறவருக்கு 1.38 சமாளிக்கக்கூடியது. கடனை வாங்கிவிட்டு ஊருக்குப் போகிறவருக்கு அது கெட்ட எண்.

இன்னொன்று, ஈடும் கடனும் ஒரே திசையில் நகரும் பொருளாக இருந்தால் கதை வேறு. ஈதர் ஈடு, ஈதர் கடன் என்றால் டாலர் விலை எப்படிப் போனாலும் விகிதம் பெரிதாக மாறாது. லூப்பிங் செய்கிறவர்களில் பலர் ஸ்டேக் செய்த ஈதரை, அதாவது வருமானத்துக்காக ஈத்தீரியத்தில் பூட்டி வைத்த ஈதரை, வைத்து ஈதர் எடுப்பது அதனால்தான்.

சரி, 1-க்குக் கீழே போய்விட்டது. அப்புறம் என்ன நடக்கும்?

ஈதர் 2,160-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஈதரின் மதிப்பு 21,600. அதில் 83 சதவீதம் 17,928. கடன் 18,000. ஹெல்த் ஃபேக்டர் 0.996. கதவு திறந்துவிட்டது.

இப்போது வெளியாள் ஒருவர் வந்து உங்கள் கடனில் பாதியை, 9,000 யுஎஸ்டிசியை, தன் கையிலிருந்து கட்டுகிறார். 0.95-க்கும் கீழே போயிருந்தால் முழுக் கடனையும் கட்ட அனுமதி உண்டு. இங்கே பாதிதான். அதற்கு ஈடாக உங்கள் ஈதரிலிருந்து 9,000 டாலர் மதிப்புக்கு எடுத்துக்கொள்கிறார், கூடவே 5 சதவீதம் போனஸ். ஆக மொத்தம் 9,450 டாலர் மதிப்பு. 2,160-ஆல் வகுத்தால் 4.375 ஈதர். போனஸில் ஒரு சிறு பங்கு புரோட்டோகாலின் கருவூலத்துக்குப் போகும். அது உங்கள் கணக்கை மாற்றாது.

உங்களிடம் மிச்சம் 5.625 ஈதர், மதிப்பு 12,150 டாலர். மிச்சக் கடன் 9,000. ஹெல்த் ஃபேக்டர் 1.12-க்கு ஏறிவிட்டது. பாதிக் கடன் போதுமா என்று கேட்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. பாதியைத் தீர்த்ததிலேயே கணக்கு மறுபடி எல்லைக்கு மேலே வந்துவிட்டது.

நஷ்டம் எவ்வளவு? முன்பு ஈட்டிலிருந்து கடனைக் கழித்தால் 3,600 டாலர் உங்களுடையது. இப்போது 3,150. அதாவது 450 டாலர் போனது. கடன்மேல் 5 சதவீதம் என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். உங்கள் சொந்தப் பங்கில் அது எட்டில் ஒரு பங்கு.

உண்மையான வலி அடுத்த வாரம் வரும். ஈதர் மறுபடி 3,000-க்கு ஏறிவிட்டால், போன 4.375 ஈதரின் மதிப்பு 13,125. அதற்குப் பதிலாகத் தீர்ந்த கடன் 9,000. நடுவில் 4,125 டாலர். பள்ளத்தின் அடியில் வைத்து விற்றுவிட்டார்கள், மேலே வரும்போது நீங்கள் வண்டியில் இல்லை.

லிக்விடேஷன் 'தானாக' நடக்கும் என்கிறார்கள். கான்ட்ராக்டே ஈதரை விற்றுவிடுமா?

இல்லை, இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் தானாக எழுந்து எதுவும் செய்யாது. யாராவது கூப்பிட்டால்தான் அசையும். உங்கள் ஹெல்த் ஃபேக்டர் 0.9-க்குப் போனாலும், கூப்பிட ஆள் இல்லையென்றால் ஈடு அப்படியே கிடக்கும். தானாக நடக்கிறது என்று தோன்றுவதற்குக் காரணம், அந்த 5 சதவீதத்துக்காக இரவும் பகலும் காத்திருக்கும் தானியங்கி நிரல்களான பாட்கள்தான். ஒவ்வொரு கடன்காரரின் நிலையும் பிளாக்செயினில் வெளிப்படையாக இருக்கிறது. பாட் வைத்திருக்கிறவர் எல்லாக் கணக்கையும் பட்டியல் போட்டு, எந்த விலையில் எது மூழ்கும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார். ஊரில் எந்த நகை எப்போது ஏலத்துக்கு வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பவர்கள் போல.

அவர்களிடம் 9,000 டாலர்கூட இருக்கவேண்டியதில்லை. ஃபிளாஷ் லோன் என்று ஒன்று இருக்கிறது: எடுத்த அதே பரிவர்த்தனைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஈடே இல்லாமல் கடன். பாட் 9,000 யுஎஸ்டிசியை ஃபிளாஷ் லோனாக எடுக்கும், `liquidationCall` என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு உங்கள் கடனைக் கட்டும், கிடைத்த ஈதரைப் பரவலாக்கப்பட்ட சந்தையில் விற்கும், 9,000-ஐயும் சில டாலர் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்கும், மிச்சத்தை வைத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே பரிவர்த்தனையில். நடுவில் ஏதாவது சரிவரவில்லை என்றால் மொத்தமும் நடக்காததாகிவிடும். பாட் இழப்பது, பரிவர்த்தனைக்காக ஈத்தீரியத்துக்குக் கட்டும் கேஸ் கட்டணம் மட்டும்.

ஒரே இரைக்குப் பல பாட்கள் பாய்வதால், அந்த 450 டாலரில் பெரும்பங்கு 'என்னுடையதை முதலில் சேர்' என்று, பரிவர்த்தனைகளைத் தொகுத்து பிளாக் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் தொகையாகப் போய்விடுவதும் உண்டு. உங்கள் நஷ்டம் பாட்காரரின் லாபம் என்று நினைத்துத் திட்டுகிறோம். பாதி நேரம் அவர் கைக்கு வருவது டீக்காசுதான்.

விலை 2,160 என்று யார் சொல்கிறார்கள்?

ஆரக்கிள். பிளாக்செயினுக்கு வெளியுலகம் தெரியாது, ஈதர் விலையை யாராவது உள்ளே எழுதித்தான் ஆகவேண்டும். ஆவே பெரும்பாலும் செயின்லிங்க் தரும் விலையைப் பயன்படுத்துகிறது. பல கணினிகள் பல சந்தைகளின் விலையைத் திரட்டி, அவற்றின் நடு மதிப்பை எழுதுகின்றன. ஈத்தீரியத்தில் ஈதர்–டாலர் விலை ஒவ்வொரு நொடியும் எழுதப்படுவதில்லை. முந்தைய விலையிலிருந்து 0.5 சதவீதம் நகர்ந்தால், அல்லது ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் எழுதப்படும்.

இதிலிருந்து கடன்காரருக்கு இரண்டு விஷயம். ஒன்று, நீங்கள் ஆப்பில் பார்க்கும் விலையும் உங்கள் கடனைத் தீர்மானிக்கும் விலையும் கொஞ்சம் வேறுபடும். இரண்டு, ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சில் மட்டும் ஒரு நொடி விலை பாதாளத்துக்குப் போய்த் திரும்பினால், நடு மதிப்பு எடுப்பதால் அது உங்களைத் தொடாது.

ஆரக்கிள் ஒரே இடத்தைப் பெரிதும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நவம்பர் 26 நல்ல உதாரணம். அன்று காம்பவுண்ட் என்ற இன்னொரு கடன் புரோட்டோகால் பெரிதும் சார்ந்திருந்த காயின்பேஸ் சந்தையில், ஒரு டாலரில் நிற்கவேண்டிய டாய் என்ற ஸ்டேபிள்காயின் 1.30 டாலர் வரை ஏறியது. டாயைக் கடனாக வாங்கியிருந்தவர்களின் கடன் ஒரே நொடியில் 30 சதவீதம் பெருத்ததாகக் கணக்கானது. சுமார் 8.9 கோடி டாலர் அளவுக்கு லிக்விடேஷன் நடந்தது. ஈடு விலை விழவில்லை, கடனின் விலை ஏறியது. ஹெல்த் ஃபேக்டர் சூத்திரத்தில் கீழே நிற்பது கடன் என்பதைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள்.

பணம் போட்டவருக்கு நஷ்டமே வராதா? ஈடுதான் அதிகமாக இருக்கிறதே.

வரும். எப்போது என்று அதே கடனை வைத்துப் பார்ப்போம். 2,169-இல் கதவு திறக்கிறது. பாட்டுக்கு 5 சதவீதம் போனஸ் முழுசாகக் கிடைக்கவேண்டும் என்றால் ஈட்டின் மதிப்பு குறைந்தது 18,900 இருக்கவேண்டும், அதாவது ஈதர் 1,890-க்கு மேல் இருக்கவேண்டும். 1,800-க்குக் கீழே போனால் ஈடு கடனுக்கே போதாது. ஆக, 2,169-க்கும் 1,890-க்கும் நடுவே, சுமார் 13 சதவீத இறக்கத்துக்குள், பாட்கள் வேலையை முடித்தாகவேண்டும். முடிக்காவிட்டால் யாருக்கும் தொட ஆசை வராது. அது வாராக்கடனாகத் தொகுப்பில் ஒட்டிக்கொள்ளும். 83 என்ற எண்ணும் 5 என்ற எண்ணும் இந்த இடைவெளிக்காகவே பொருத்தி வைக்கப்பட்டவை. அதிகம் ஆட்டம் காணும் டோக்கன்களுக்கு எல்லை குறைவாகவும் போனஸ் கூடுதலாகவும் இருப்பது அதனால்தான்.

சாதாரண நாளில் 13 சதவீதம் தாராளம். சாதாரணம் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பதை 2020 மார்ச் 12 காட்டியது. கொரோனா பீதியில் ஈதர் ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அன்று அடி வாங்கியது, ஈதரை ஈடாக வாங்கி டாயைக் கடனாகக் கொடுத்த மேக்கர்டாவோ புரோட்டோகால். அப்போது அங்கே ஈடு குறைந்தது கடனில் 150 சதவீதம், அபராதம் 13 சதவீதம், மூழ்கிய ஈதரை ஏலத்தில் விடுவார்கள். ஏலம் கேட்கிறவர் டாய் கொடுக்கவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பரிவர்த்தனை அனுப்பியதால் ஈத்தீரியம் நெரிசலில் திணறியது, கேஸ் கட்டணம் எகிறியது. பழைய கட்டணத்தில் அனுப்பிய பாட்களின் கேட்புகள் வரிசையிலேயே தேங்கின. பலரிடம் டாயும் தீர்ந்துபோனது. ஏலத்தில் போட்டியே இல்லை. அதைக் கவனித்த சிலர் கேஸ் கட்டணத்தை மட்டும் தாராளமாகக் கட்டி, பூஜ்ஜியம் டாய்க்கு ஏலம் கேட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்தது. 80 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஈதர் இப்படிச் சும்மா போனது. 13 சதவீத அபராதம் போக மிச்சம் திரும்ப வரும் என்றிருந்த கடன்காரர்களில் பலருக்கு ஒன்றுமே திரும்பவில்லை. புரோட்டோகாலுக்கும் பல லட்சம் டாலர் பள்ளம். தன் சொந்த டோக்கனான எம்கேஆரைப் புதிதாக அச்சடித்து ஏலம் விட்டு அதை அடைத்தார்கள்.

பிறகு அங்கே ஏல முறையையே மாற்றிவிட்டார்கள். 2021-இல் வந்த புது முறையில் விலை மேலிருந்து தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், முதலில் கைதூக்குகிறவருக்குப் பொருள். அதையும் ஃபிளாஷ் லோனில் வாங்கலாம், டாய் கையிருப்பு வேண்டியதில்லை.

ஆவேயும் தப்பவில்லை. 2022 நவம்பரில் ஒருவர் யுஎஸ்டிசியை ஈடு வைத்து, கர்வ் என்ற பரவலாக்கப்பட்ட சந்தையின் சிஆர்வி டோக்கனைப் பெரிய அளவில் கடன் வாங்கி விற்றார். விலை எதிர்த்திசையில் ஏறியது. லிக்விடேட் செய்யச் சந்தையில் போதிய சிஆர்வி கிடைக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடிந்தது. கடைசியில் சுமார் 16 லட்சம் டாலர் வாராக்கடன் மிஞ்சியது. ஈடு உறுதியான டாலர்தான். சிக்கல் கடன்பட்ட டோக்கனின் சந்தை மெலிந்திருந்ததில். பணம் போடுமுன் வட்டி எத்தனை என்று பார்ப்பதைவிட, தொகுப்பில் எந்தெந்தப் பொருளை ஈடாக ஏற்கிறார்கள் என்று பார்ப்பது உபயோகமானது.

மூழ்குவதற்கு முன் எனக்கு நோட்டீஸ் வருமா?

வராது. நகைக்கடன் என்றால் கடிதம் வரும், கெடு தருவார்கள், ஏல அறிவிப்பு வெளியாகும். இங்கே தவணையும் இல்லை, கெடு தேதியும் இல்லை, நோட்டீஸும் இல்லை. ஹெல்த் ஃபேக்டர் 1-க்கு மேல் இருந்தால் பத்து வருடம்கூடக் கட்டாமல் இருக்கலாம். கீழே போனால் ஒரு பிளாக்குக்குள், அதாவது பன்னிரண்டு விநாடியில், முடிந்துவிடலாம். அலெர்ட் அனுப்பும் தனிச் சேவைகள் இருக்கின்றன, நீங்களே போய் அமைத்துக்கொள்ளவேண்டும்.

நானும் ஒரு சின்ன புரோட்டோகாலில் இப்படி ஒருமுறை இழந்திருக்கிறேன். அலெர்ட் வந்தது, ஃபோன் சைலன்ட்டில் இருந்தது. காலை எழுந்து பார்த்தபோது விலை பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது, ஈதர் மட்டும் இல்லை. அதன்பிறகு அலெர்ட்டை 1.1-க்கு வைப்பதை விட்டுவிட்டு 1.4-க்கு வைக்கிறேன். தூங்குவதற்கும் சேர்த்து நேரம் வேண்டும்.

விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஈடு சேர்ப்பதா, கடனைக் குறைப்பதா?

கையில் டாலர் இருந்தால் கடனைக் குறையுங்கள். அதே கடனில் ஈதர் 2,400-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈடு 24,000, ஹெல்த் ஃபேக்டர் 1.107. இதை 1.5-க்கு ஏற்றவேண்டும் என்றால் கடன் 13,280-ஆக இருக்கவேண்டும், அதாவது 4,720 டாலர் கட்டினால் போதும். ஈதர் சேர்த்து அதே 1.5-ஐ எட்டவேண்டும் என்றால் ஈடு சுமார் 32,530 டாலராக வேண்டும், அதாவது 8,530 டாலருக்கு ஈதர் சேர்க்கவேண்டும். சேர்த்த ஈதரும் விலை இறங்கும்போது கூடவே இறங்கும். கட்டிய கடன் திரும்ப வளராது.

கையில் டாலர் இல்லையென்றால் ஈட்டின் ஒரு பகுதியையே விற்றுக் கடனைக் கட்டும் வசதி ஆவே திரையிலேயே உண்டு. அதுவும் உங்கள் ஈதரை விற்பதுதான், ஆனால் 5 சதவீத போனஸை யாருக்கும் கொடுக்காமல். எப்படியும் விற்கப்போவது உறுதி என்றால் நீங்களே விற்பது மலிவு. நெரிசலான நாளில் கேஸ் கட்டணம் எகிறும் என்பதால், அதற்கென்று வாலட்டில் கொஞ்சம் ஈதரைத் தனியாக விட்டு வைத்திருங்கள். எல்லா ஈதரையும் ஈடு வைத்துவிட்டு, கடனைக் கட்ட டாலர் இருந்தும் கேஸ் கட்ட ஈதர் இல்லாமல் தவித்தவர்கள் உண்டு.

விலை அசையவே இல்லை, ஆனாலும் ஹெல்த் ஃபேக்டர் குறைந்துகொண்டே வருகிறது. ஏன்?

வட்டி. கடன்மேல் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். 5 சதவீத வட்டியில் 18,000 ஒரு வருடத்தில் சுமார் 18,900 ஆகும். 1.38 என்றிருந்தது 1.32 ஆகிவிடும். ஈடாக வைத்த ஈதருக்கும் வட்டி வரும், ஆனால் பொதுவாக டாலர் வட்டியைவிடக் குறைவு. 1.03-இல் உட்கார்ந்திருக்கிறவரை வட்டியே சில மாதங்களில் மூழ்கடித்துவிடும்.

லிக்விடேஷன் நடந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிச்ச ஈதர் எங்கே?

திரையில் ஈடும் கடனும் இரண்டுமே குறைந்திருந்தால் நடந்துவிட்டது என்று பொருள். உறுதிப்படுத்த, ஈத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து லாக் பகுதியில் `LiquidationCall` என்ற நிகழ்வைத் தேடுங்கள். அதில் `debtToCover` என்பது உங்களுக்காகக் கட்டப்பட்ட கடன், `liquidatedCollateralAmount` என்பது லிக்விடேட் செய்தவர் கைக்குப் போன ஈடு. நம் கணக்கில் முதலாவது 9,000 யுஎஸ்டிசி, இரண்டாவது 4.375 ஈதரில் கருவூலத்தின் சிறு பங்கு போக மிச்சம். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், போனஸும் சேர்த்து ஏறத்தாழ எந்த விலையில் போனது என்பதும் தெரிந்துவிடும்.

மிச்ச 5.625 ஈதர் அங்கேயேதான் இருக்கிறது, இன்னமும் ஈடாக. கடனாக வாங்கிய 18,000 யுஎஸ்டிசியை வாலட்டில் வைத்திருந்தால் அதை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. அதிலிருந்து 9,000 கட்டி மிச்ச ஈதரை மீட்டுக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் ஹெல்த் ஃபேக்டர் 1.12-இலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கும். அடுத்த கதவு 1,928 டாலரில்.